மோட்டாரைக் கழற்றும் முன் ஜாரைத் திருப்பிப் பாருங்கள்

மிக்சி நின்றுவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் மோட்டாரை மட்டும்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஜார் அவர்கள் வீட்டுச் சமையல் மேடையிலேயே இருக்கும். வீட்டில் இருந்தபடி அக்கம்பக்கத்தாருக்கு மிக்சி, அயர்ன் பாக்ஸ் பழுது பார்த்துக் கொடுக்கும் எவரும் அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, "ஜாரையும் எடுத்துட்டு வாங்க. எல்லா ஜாரையும்" என்பதுதான். காரணம், மோட்டார் தானாகக் கெட்டுப்போவது குறைவு. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கும். கெடுத்தது எது என்று பார்க்காமல் கெட்டதை மட்டும் மாற்றிக் கொடுத்தால், அதே மிக்சி சில மாதங்களில் அதே புகையோடு திரும்பி வரும்.

நம் வீட்டு மிக்சியின் கதையே ஒரு பழுதில் தொடங்கியதுதான். 1960களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் இருந்த வெளிநாட்டு மிக்சி, இந்தியச் சமையலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மோட்டார் போய் நின்றது. அதன் பிறகு அவர் உருவாக்கியதுதான் சுமீத். பழச்சாறு அடிப்பதற்கும் ஊறவைத்த அரிசியையும் தேங்காயையும் விழுதாக அரைப்பதற்கும் மோட்டாரின் மேல் விழும் சுமை வேறு வேறு. இன்றைக்கும் மிக்சிப் பழுதில் பாதிக்கு மேல் இந்தச் சுமையைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

அந்த மோட்டார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மிக்சியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். நடுவில் சுழலும் உருளைக்கு ஆர்மேச்சர் என்று பெயர். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் செம்புச் சுருள் ஃபீல்டு காயில். ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கியது போல ஒரு வளையம் இருக்கும். அது கம்யூட்டேட்டர். அதன் இரு பக்கமும் இரண்டு கார்பன் துண்டுகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே இருக்கும். மின்சாரம் ஃபீல்டு காயில் வழியாக வந்து, ஒரு கார்பனில் புகுந்து, ஆர்மேச்சரைச் சுற்றி, அடுத்த கார்பன் வழியாக வெளியேறும். எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால் இதில் எந்த ஓர் இடம் விட்டுப்போனாலும் மிக்சி முழுதாக நின்றுவிடும்.

சுமை இல்லாமல் ஓடும்போது இந்த மோட்டார் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று என்று பறக்கும். வேகமாகச் சுழலும் ஆர்மேச்சர், உள்ளே வரும் மின்சாரத்தைத் தானே எதிர்த்துத் தள்ளும். அதனால் மின்னோட்டம் அளவோடு இருக்கும். கத்தி எங்காவது சிக்கி வேகம் குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறையும், மின்னோட்டம் சட்டென்று ஏறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சுருளில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். இதோடு இன்னொரு கெடுதலும் சேர்கிறது. மோட்டாரைக் குளிர்விக்கும் சிறிய விசிறி ஆர்மேச்சர் தண்டிலேயேதான் மாட்டப்பட்டிருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். அதாவது சூடு அதிகமாகும் நேரம் பார்த்துக் காற்று நின்றுபோகிறது. சுருளின் மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை அப்போதுதான் வருகிறது.

இதைத் தடுக்கத்தான் மிக்சியின் அடியில் அல்லது பின்புறம் ஒரு சிறிய சிவப்புப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஓவர்லோடு சுவிட்ச். மின்னோட்டம் எல்லை மீறினால் அது தட்டிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும். சில நிமிடம் ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். மிக்சி செத்துவிட்டது என்று கொண்டுவருபவர்களில் பலருக்கு இந்தப் பொத்தான் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களோ அது தட்டத் தட்ட அழுத்திக்கொண்டே இருப்பார்கள். இரண்டும் தவறு. ஒருமுறை தட்டினால் அன்று சுமை கூடிவிட்டது என்று விடலாம். வாரம் இரண்டு முறை தட்டுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தேட வேண்டும். இந்தச் சுவிட்சை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் நேரடியாக முறுக்கி விட்டிருக்கும் மிக்சிகளும் வருகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்தால் மற்ற வேலை எதுவானாலும் முதலில் புது ஓவர்லோடு சுவிட்சைப் போடுங்கள். அதே ஆம்பியர் அளவில் போட வேண்டும், கூட்டிப் போடக் கூடாது.

இப்போது ஒரு மிக்சியை முழுதாகப் பார்ப்போம். அடுத்த தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் தன் 500 வாட் மிக்சியைக் கொண்டுவந்தார். மூன்று ஜார்கள். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, அரைச்சுக்கிட்டே இருக்கும்போது நின்னுபோகுது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பொத்தானை அமுக்கினா ஓடுது. மோட்டார் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"எந்த ஜார்ல அரைக்கும்போது நிக்குதுக்கா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சின்ன ஜார்லதான். சட்னி ஜார். பெரிய ஜார்ல மாவு அரைச்சா ஒண்ணும் ஆகல."

இந்தப் பதிலிலேயே பாதிப் பழுது தெரிந்துவிட்டது. மோட்டார் பலவீனமாகியிருந்தால் பெரிய ஜாரில் மாவு அரைக்கும்போதுதான் முதலில் திணறியிருக்க வேண்டும். கருவியைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் என்று மூன்றைச் சொல்வேன். எந்த ஜார், எந்த வேகம், நிற்கும் முன் சத்தத்தில் என்ன மாற்றம்? சத்தம் இழுத்துக்கொண்டே போய் நின்றது என்றால் அது சுமை. எந்த மாற்றமும் இல்லாமல் பட்டென்று நின்றது என்றால் ஒயர், சுவிட்ச், கார்பன் என்று தொடர்பு விட்டுப்போகும் இடங்களைப் பார்க்க வேண்டும். சத்தம் அதிகமாகி மோட்டார் மட்டும் வேகமாக ஓடி, கத்தி நின்றது என்றால் கப்ளர் போய்விட்டது.

பிறகு ஜார் எதையும் வைக்காமல் மோட்டாரை முதல் வேகத்தில் இரண்டு மூன்று நொடி ஓடவிட்டேன். சீராக ஓடியது. அடுத்து மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ஒவ்வொரு ஜாராகத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கும் பல்சக்கரம் போன்ற துண்டை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தேன். நல்ல ஜாரில் அது ஒற்றை விரலுக்கு லேசாகச் சுழலும், ஆனால் பக்கவாட்டில் ஆடாது. பெரிய ஜாரும் நடு ஜாரும் அப்படித்தான் இருந்தன. சட்னி ஜாரின் சக்கரம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் திருகினால்தான் நகர்ந்தது. நகரும்போது கரகரவென்று ஓர் உணர்வு விரலில் தட்டியது. குற்றவாளி அங்கே இருந்தது.

ஜாரின் அடியில் நடப்பது இதுதான். கத்தியைத் தாங்கும் தண்டு ஒரு உலோகக் குழாய்க்குள் சுழல்கிறது. அந்தக் குழாய்தான் புஷ். உள்ளே எண்ணெய் ஊறிய நிலையில் அது வரும். ஜாருக்குள் இருக்கும் தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. அந்த வாஷர் தேய்ந்தாலோ வெடித்தாலோ உப்பும் புளியும் கலந்த சட்னித் தண்ணீர் புஷ்ஷுக்குள் இறங்கும். எண்ணெய் கழுவிக்கொண்டு போகும், துரு பிடிக்கும், காய்ந்த விழுது பசைபோல ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ச் சட்னியில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தாலோ, கழுவிக் கவிழ்த்த ஜாரின் அடியில் கறுப்பாகக் கசிந்திருந்தாலோ, புஷ் தேய்ந்த உலோகத் தூள் அது. அந்த ஜாரில் அரைத்ததைச் சாப்பிடக் கூடாது. இதை மிக்சி கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் சொல்வது நல்லது. பலர் அதை மிளகின் கறுப்பு என்று நினைத்திருப்பார்கள்.

கத்தியைக் கழற்ற அடிச்சக்கரத்தைத் துணி சுற்றிய கொறடால் பிடித்துக்கொண்டு, மேலே கத்தியைத் திருக வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் தடுமாறி மரையைக் கெடுத்துவிடுவார்கள். ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஓடும்போது தானாக இறுகிக்கொள்ளும் விதமாகத்தான் மரை வெட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் அரைக்கும்போதே கத்தி கழன்று வந்துவிடும். ஆகவே கத்தி எந்தத் திசையில் சுழலுமோ அதே திசையில் திருகினால்தான் கழலும். மோட்டாரின் மேல் இருக்கும் கப்ளருக்கும் இதே விதிதான். சந்தேகம் இருந்தால் கழற்றும் முன் மோட்டாரை ஒரு நொடி ஓடவிட்டு, அது எந்தப் பக்கம் சுழன்று நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். சில ஜார்களில் கத்தியின் மேல் தனியாக நட் இருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும். துருவேறி அசையாமல் இருந்தால் பலம் காட்டாமல், இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் திருகுங்கள். வேலை முடிந்ததும் ஜாரைச் சோப்புப் போட்டு வாசனை போகும்வரை கழுவ வேண்டும், சாப்பாட்டுப் பாத்திரம் என்பதால்.

அக்காவின் ஜாரில் தண்டை வெளியே எடுத்ததும் அதன் நடுவில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் வட்டமாகத் தேய்ந்திருந்தது. துரு மட்டும் இருந்தால் பூஜ்ய நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டு மாட்டிவிடலாம். மெஷின் ஆயில் விடக் கூடாது, அது விழுதில் கலக்கும். ஆனால் பள்ளம் விழுந்த தண்டுக்கு எந்த எண்ணெயும் உதவாது. புஷ், தண்டு, வாஷர் மூன்றும் சேர்ந்த செட் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். பழையதைக் கையோடு எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்குவதே சரி. ஒரே கம்பெனியின் மிக்சியிலேயே இரண்டு மாடலுக்கு இரண்டு அளவு இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த மிக்சிகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பல நிறுவனங்கள் தயாரித்துக் கொடுத்தன. வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கப்ளரின் பல்லும் புஷ்ஷின் அளவும் மாறும். ஆகவே கண்ணளவில் வாங்கி வந்தால் இரண்டாவது முறை கடைக்கு நடக்க வேண்டும்.

ஜார் சரியாகிவிட்டது. மோட்டார் ஓடத்தான் செய்கிறது. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாமா? கூடாது. இந்த இறுகிய ஜாரை மாதக்கணக்கில் இழுத்த மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் கொடுத்தால் வேலை பாதிதான் முடிந்ததாகும்.

அடிமூடியின் திருகுகள் பெரும்பாலும் ரப்பர்க் கால்களுக்குள் ஒளிந்திருக்கும். கழற்றியதும் எதையும் தொடும் முன் ஒயர்கள் எந்தெந்த இடத்தில் போகின்றன என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் மாற்றும் சுவிட்சுக்கு நான்கைந்து ஒயர்கள் வரும், ஒன்று இடம் மாறினாலும் குழப்பம். உள்ளே முதலில் தூசியும் காய்ந்த மாவும்தான் கண்ணில் படும். மிக்சியின் மேல்தட்டில், ஜார் உட்காரும் பள்ளத்தில், வழிந்த தண்ணீர் வெளியே போக ஒரு சிறிய துளை இருக்கும். அது விழுதில் அடைபட்டால் தண்ணீர் தண்டு வழியே நேராக மோட்டாருக்குள் இறங்கும். ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

அடுத்தது கார்பன். பித்தளைக் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். எந்தக் கூட்டில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், திருப்பி மாட்டினால் பொறி கிளம்பும். புதியதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். விலை சொற்பம்தான். ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அழுத்தம் குறைந்த கார்பன் குதிக்கும், குதித்தால் பொறி, பொறியால் கம்யூட்டேட்டர் கருகும். அக்காவின் மிக்சியில் கார்பன் இரண்டும் கட்டையாகியிருந்தன. கம்யூட்டேட்டரில் கார்பன் உரசும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை.

அந்தக் கறுப்பை எடுக்க மெல்லிய உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து வளையத்தில் வைத்து, ஆர்மேச்சரைக் கையால் சுற்றினால் போதும், செம்பு பளிச்சிடும். எமரித் துணி வேண்டாம். அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது, பட்டைகளுக்கு இடையில் தங்கினால் ஷார்ட் ஆகும். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் காடிகளில் சேர்ந்த கரித்தூளைப் பல்குச்சியால் சுரண்டி, பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

இப்போதுதான் மல்டிமீட்டருக்கு வேலை. மிகக் குறைந்த ஓம் அளவில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு பட்டைகளைத் தொட்டுத் தொட்டு வளையம் முழுக்கச் சுற்றி வாருங்கள். எவ்வளவு காட்டுகிறது என்பது முக்கியமில்லை, எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். ஓர் இடத்தில் மட்டும் எண் மிகவும் கூடினால் அங்கே சுருள் அறுந்திருக்கிறது. மிகவும் குறைந்தால் ஷார்ட். பிறகு ஒரு முனையைத் தண்டிலும் இன்னொன்றைப் பட்டையிலும் வைத்தால் தொடர்பே இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாத ஆர்மேச்சரை உப்புத்தாளும் புதுக் கார்பனும் காப்பாற்றாது. அப்படி இருந்தால் ஓடவிட்டுப் பார்க்கும்போதே தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டுக் காற்றுத் துளை வழியே பார்த்தால் நல்ல மோட்டாரில் கார்பன் ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாக நீலப் பொறி இருக்கும். கெட்டதில் கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமே ஓடும். அக்காவின் ஆர்மேச்சர் தேறிவிட்டது. புதுக் கார்பன், ஜாருக்குப் புது செட், அவ்வளவுதான் செலவு. புதுக் கார்பன் வளைவுக்கு ஏற்பப் படியும் வரை முதல் சில நாள் பெரிய சுமை வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். மிக்சிக்கு அடியில் சத்தம் குறைய மடித்துப் போட்டிருந்த துண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். காற்று உள்ளே போகும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன.

கப்ளர் பற்றி ஒரு வார்த்தை. அது ரப்பரிலோ நைலானிலோ செய்யப்பட்டிருப்பது செலவைக் குறைக்க மட்டுமல்ல. கத்தி சிக்கிக்கொண்டால் மோட்டார் கருகும் முன் தன் பல்லை இழந்து தப்பவைப்பது அது. எனவே ஒரே வீட்டில் கப்ளர் அடிக்கடி தேய்ந்து வந்தால், உறுதியான கப்ளர் எங்கே கிடைக்கும் என்று தேடாதீர்கள். அந்த வீட்டின் ஜார்களை வாங்கிப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யப் பெரிய பட்டறை தேவையில்லை. இரண்டு மூன்று அளவில் திருப்புளிகள், கட்டிங் பிளேயர், மூக்குக் கொறடு, சால்டரிங் இரும்பு, மல்டிமீட்டர், டெஸ்டர். இவற்றோடு நீங்களே செய்துகொள்ள வேண்டியது ஒரு சீரிஸ் போர்டு. ஒரு பலகையில் பல்பு ஹோல்டரும் மூன்று பின் சாக்கெட்டும் பொருத்தி, ஃபேஸ் ஒயர் பல்பு வழியாகச் சென்று சாக்கெட்டை அடையும்படி இணைப்பதுதான் அது. 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி பல்பு பயன்படாது. பழுதான பொருளை நேரடியாகச் சுவரில் செருகாமல் முதலில் இதில் செருகினால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு பளிச்சென்று எரியுமே தவிர, வீட்டு ஃபியூஸ் போகாது. பல்பே எரியாவிட்டால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. நல்ல மிக்சியானால் பல்பும் எரியும், மோட்டாரும் மெதுவாக அசைந்து சுழலப் பார்க்கும்.

சீரிஸ் போர்டை நம்பக்கூடாத இடமும் ஒன்று உண்டு. அது அயர்ன் பாக்ஸ். 1000 வாட் அயர்னின் சூடேற்றும் கம்பிக்கு மின்தடை 53 ஓம் அளவில்தான் இருக்கும். எரியும் 100 வாட் பல்புக்கோ 500 ஓமுக்கு மேல். ஆகவே நல்ல அயர்னைச் செருகினாலும், ஷார்ட்டான அயர்னைச் செருகினாலும் பல்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எரியும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அயர்னுக்கு மல்டிமீட்டரே வழி. மின்சாரம் இல்லாதபோது, திருகியை அதிகச் சூட்டில் வைத்து, பிளக்கின் இரண்டு சிறிய பின்களுக்கு இடையே அளந்தால், 1000 வாட் என்றால் 50 ஓமுக்குச் சற்று மேலும், 750 வாட் என்றால் 70 ஓம் அளவிலும் காட்ட வேண்டும்.

ஒன்றுமே காட்டவில்லை என்றால் முதலில் ஒயர். அயர்னுக்குள் நுழையும் இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும், மேலே நூல் உறை நன்றாகவே இருக்கும். மீட்டரை வைத்துக்கொண்டே அந்த இடத்தை வளைத்து நெளித்துப் பார்த்தால் எண் வந்து வந்து போகும். ஒயர் நன்றாக இருந்தால் அடுத்து தெர்மோஸ்டாட், தெர்மல் ஃபியூஸ். இங்கேதான் மிக்சியில் சொன்ன அதே கதை மறுபடியும் வருகிறது. தெர்மல் ஃபியூஸ் தன்னால் போகாது. தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைகளும் பொறியில் உருகி ஒட்டிக்கொண்டு, சூடு நிற்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் அது போகும். ஃபியூஸை மட்டும் மாற்றினால் புதியதும் போகும். ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைத்துக் கொடுத்தால் அந்த வீட்டில் துணி எரியும், சில சமயம் வீடே எரியும். தெர்மோஸ்டாட்டைச் சரிசெய்த பிறகு, அதே வெப்ப அளவு அச்சிட்ட ஃபியூஸைப் போட வேண்டும். அதைச் சால்டர் செய்யக் கூடாது, சால்டரிங் சூட்டிலேயே அது போய்விடும். உலோகக் கவ்வியால் நசுக்கித்தான் இணைக்க வேண்டும். உள்ளே சாதாரண இன்சுலேஷன் டேப்புக்கும் இடமில்லை. கண்ணாடி இழை உறைதான் அந்தச் சூட்டைத் தாங்கும்.

அயர்ன் பாக்ஸில் ஷாக் அடிக்கிறது என்று வந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னே எடுங்கள். பிளக்கின் பெரிய பின்னுக்கும் அடித்தட்டுக்கும் இடையே தொடர்பு முழுமையாக இருக்க வேண்டும், மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். சிறிய பின்கள் எதற்கும் அடித்தட்டுக்கும் இடையே தொடர்பு கொஞ்சமும் இருக்கக் கூடாது. முதல் சோதனையில் தோற்றால் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது, அதை இணைத்துவிடலாம். இரண்டாவதில் தோற்றால் மின்சாரம் உடலுக்குக் கசிகிறது. ஒயர் உறை உரிந்து தட்டில் பட்டிருந்தால் சரிசெய்யலாம். தட்டுக்குள் வார்த்த சூடேற்றும் கம்பியே கசிந்தால் தட்டையே மாற்ற வேண்டும், அல்லது அயர்னைத் தூக்கிப்போட வேண்டும். மல்டிமீட்டரின் சிறிய பேட்டரி மின்சாரத்தில் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் தெரியலாம். இந்த வேலையைத் தொடர்ந்து செய்பவர்கள் 500 வோல்ட் மெகர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. அது வரும் வரை சந்தேகமான அயர்னைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கொண்டுவருபவர் வீட்டு சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டு பின் கன்வர்ட்டர் போட்டு அயர்ன் தேய்க்கும் வீட்டில், நீங்கள் இணைத்துக் கொடுத்த எர்த் ஒயரால் எந்தப் பயனும் இல்லை.

வேலை செய்யும் மேசைக்கு வரும் மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சீரிஸ் பல்பு ஷார்ட்டிலிருந்து ஃபியூஸைக் காக்குமே ஒழிய, உங்களைக் காக்காது. பல்பு வழியாக வந்தாலும் கையில் படும்போது அது உயிரை எடுக்கும் மின்சாரம்தான். திறந்த பொருளை ஓடவிடும்போது ஜார் மாட்டும் இடத்தில் விரல் போகக் கூடாது, தொங்கும் துப்பட்டாவோ துண்டோ அருகில் இருக்கக் கூடாது.

எதை ஏற்கக் கூடாது என்பதும் இந்த வேலையின் பகுதி. மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட் அளவில் இயங்குவது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். கேரண்டி காலம் முடியாத எதையும் திறக்காதீர்கள். திறந்த அடையாளம் தெரிந்தால் கேரண்டி போய்விடும், பழி உங்கள் மேல் வரும். ஆர்மேச்சர் முழுக்கக் கருகியிருந்தால், அதன் விலையும் உங்கள் கூலியும் சேர்ந்து புது மிக்சி விலையில் பாதியைத் தொடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தொட்டால் வாங்குவதே மேல். அதை வெளிப்படையாகச் சொல்லும் ஆளிடம்தான் அடுத்த முறை அயர்ன் பாக்ஸும் வரும்.

கூலியை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். திறந்து பார்ப்பதற்கு எவ்வளவு, பார்த்த பின் பாகத்தின் விலை தனி என்று. அக்கம்பக்கம் என்பதால் சொல்லத் தயங்கினால், பிறகு இருவருக்கும் சங்கடம். மாற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு மிக்சியோடு திருப்பிக் கொடுங்கள். ஒரு நோட்டில் தேதி, வீடு, என்ன பழுது, என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். அதே வீட்டிலிருந்து ஆறு மாதத்தில் அதே பழுது வந்தால் காரணத்தைத் தவறவிட்டிருக்கிறோம் என்று அந்த நோட்டு காட்டிவிடும்.

ஒப்படைக்கும்போது வெறுமனே ஓட்டிக் காட்டாமல் சுமையோடு ஓட்டிக் காட்டுங்கள். அந்த அக்கா தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் கையோடு கொண்டுவந்திருந்தார். சட்னி ஜாரில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முதலில் பல்ஸில் இரண்டு தட்டு, பிறகு இரண்டாவது வேகத்தில் ஒரு நிமிடம். சத்தம் எங்கும் இழுக்கவில்லை. மோட்டாரின் பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுப்புதான், சூடு இல்லை. ஜாரைத் தூக்கி அடியைப் பார்த்தால் ஈரம் இல்லை. சட்னி வெள்ளையாக இருந்தது.